சிரித்ததும் விழுந்த பீப்பாய் வியாபாரி

1879ஆம் ஆண்டு. பாரிஸில் ஜோன் பப்டிஸ்ட் எட்வார்ட் ஜெலினோ என்ற வைத்தியரிடம் ஒருவர் வருகிறார். வயது 38. வைன் ஊற்றி வைக்கும் பீப்பாய்களை விற்பது அவருடைய தொழில். அவருக்கு ஒரு நாளில் 200 தடவை வரைக்கும் நித்திரை வருகிறது. சாப்பிட இருந்தால் நாலைந்து தடவை கண் மூடிப்போகும், கையில் இருக்கிற முள்ளுக்கரண்டி கீழே விழும், சொல்ல வந்த வசனம் குழறிப்போய் நிற்கும். மிருகக்காட்சிச்சாலையில் குரங்குக் கூட்டுக்கு முன்னால், சனம் கூடி நின்று சிரிக்கிற அந்த இடத்திலேயே நின்றபடி நித்திரையாகியிருக்கிறார்.

ஆனால் ஜெலினோவைக் கூடுதலாக யோசிக்க வைத்தது நித்திரை இல்லை. இந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தால் கால்கள் மடங்கின. நல்ல வியாபாரம் ஒன்று கைகூடப் போகிறது என்று தெரிந்தால் உடம்பு தளர்ந்தது. காட்ஸ் விளையாடும்போது நல்ல கை வந்துவிட்டால், அந்தக் காட்ஸைப் போடக் கை எழும்பாது. நித்திரை இல்லை, மயக்கமும் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டேயிருக்கும், உடம்பு மட்டும் சொல் கேட்காது.

அடுத்த வருடம், 1880இல், ஜெலினோ இதை ஒரு தனி நோயாக எழுதி, கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நார்கோலெப்ஸி’ என்று பெயர் வைத்தார். மரத்துப்போன நிலை வந்து ஆளைப் பிடித்துக்கொள்வது என்பது அதன் கருத்து. ஜேர்மனியில் வெஸ்ட்பால் என்பவர் 1877இலேயே இதேபோன்ற ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஆனால் பெயர் நிலைத்தது ஜெலினோவுடையதுதான். உணர்ச்சி வந்தால் தசை தளரும் அந்தப் பகுதிக்கு 1902இல் லோவன்பெல்ட் என்ற ஜேர்மன் வைத்தியர் ‘கேட்டப்ளெக்ஸி’ என்ற தனிப் பெயரைக் கொடுத்தார்.

நாங்கள் கலைப்பீட ஆட்கள். நரம்பியல் எங்கட பாடம் இல்லை. இந்த வரலாற்றுக்குள் எங்களை இழுத்தது ஒரு சின்னக் கேள்விதான். ஒருவர் பகிடி கேட்டுச் சிரித்தவுடன் விழுகிறார் என்றால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? “நடிக்கிறான்” என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால் “மனசிலதான் ஏதோ பிரச்சினை” என்பார்கள். வைத்திய உலகமும் கனகாலம் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. அது எப்படிப் பிழைத்தது, எப்படித் திருந்தியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

“மனசிலதான் வருத்தம்”

ஜெலினோ தன் நோயாளியின் வருத்தத்தை ஒரு ‘நியூரோசிஸ்’ என்று வகைப்படுத்தினார். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மனநோய் என்று நினைப்போம். அந்தக் காலத்தில் அதன் பொருள் வேறு. நரம்புத் தொகுதியில் கோளாறு இருக்கிறது, ஆனால் வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கு எந்தச் சேதமும் தெரியவில்லை என்பதுதான் அதன் கருத்து. வலிப்பு நோயும் இந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது, ஹிஸ்டீரியாவும் அதே பெட்டிக்குள்தான் கிடந்தது. பிறகு பிராய்டின் காலத்தில் அந்தச் சொல்லின் பொருள் மெல்ல மாறியது. சொல்லோடு சேர்ந்து நோயாளிகளின் கதியும் மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் நார்கோலெப்ஸியை உளப்பகுப்பாய்வு வழியில் விளக்கிய கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. ஏற்றுக்கொள்ள முடியாத ஆசைகளிலிருந்தும் கோபத்திலிருந்தும் தப்பி ஓட மனம் நித்திரைக்குள் ஒளிந்துகொள்கிறது என்பது அவற்றின் சாரம். கேட்டப்ளெக்ஸிதான் இந்த வாதத்துக்குப் பெரிய சாட்சியாக நின்றது. உணர்ச்சி வந்தவுடன் விழுகிறார், உணர்ச்சி மனம் சார்ந்தது, ஆகவே நோயும் மனம் சார்ந்தது. கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும்.

இன்னொரு வழியும் அப்போதே திறந்துதான் கிடந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விசித்திரமான மூளை அழற்சி பரவியது. அது வந்த சிலர் நாட்கணக்காக நித்திரை கொண்டார்கள், வேறு சிலருக்கு நித்திரையே வரவில்லை. வியன்னாவில் கொன்ஸ்டன்டின் வொன் எக்கனமோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் மூளைகளைப் பார்த்தார். நித்திரையே வராதவர்களுக்கு ஹைபொதலமஸின், அதாவது உயர்தர உயிரியல் புத்தகம் ‘பரிவகக்கீழ்’ என்று சொல்லும் பகுதியின், முன்பக்கத்தில் சேதம் இருந்தது. ஓயாமல் நித்திரை கொண்டவர்களுக்கு அதன் பின்பக்கத்தில், நடுமூளையோடு சேரும் இடத்தில் சேதம் இருந்தது. நார்கோலெப்ஸியின் மூலமும் இந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகம் சரி என்று தெரியவர எழுபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

கனவின் பூட்டு

முதல் பெரிய திருப்பம் கனவு ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1953இல் சிக்காகோவில் அசரின்ஸ்கியும் கிளெயிட்மனும், நித்திரையில் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக உருளுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு சொன்னார்கள். இதை நாங்கள் இங்கே ‘கனவு நித்திரை’ என்று சொல்லுவோம்.

1959இல் பிரான்ஸின் லியோன் நகரில் மிஷேல் ஷூவே பூனைகளில் இன்னொன்றைக் கண்டார். கனவு நித்திரையில் பூனையின் மூளை விழித்திருப்பது போல வேலை செய்தது, ஆனால் கழுத்துத் தசையில் விறைப்பு அறவே இல்லை. மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்தினால் அந்தத் தளர்ச்சி போய்விட்டது. பூனை நித்திரையிலேயே எழும்பி, இல்லாத எலியைத் துரத்தியது. அப்படியென்றால் இந்தத் தளர்ச்சி வெறும் களைப்பு இல்லை. கனவில் ஓடுகிற நாங்கள் கட்டிலை விட்டு உண்மையாகவே ஓடாமல் இருக்க, மூளை ஒவ்வொரு இரவும் உடம்பைப் பூட்டி வைக்கிறது. மூச்சு விடும் உதரவிதானத்தையும் கண் தசைகளையும் மட்டும் பூட்டாமல் விடுகிறது.

சாதாரணமாக ஒருவர் நித்திரையாகி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்ற பிறகுதான் கனவு நித்திரைக்குள் போவார். கனவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜெரால்ட் வோகல் 1960இல் ஒரு நார்கோலெப்ஸி நோயாளியின் நித்திரையைப் பதிவு செய்தபோது, அவர் கண் மூடிய சற்று நேரத்திலேயே கனவு நித்திரைக்குள் விழுவதைக் கண்டார். மற்றவர்களும் அதையே கண்டார்கள்.

இங்கேதான் துண்டுகள் பொருந்தத் தொடங்கின. நார்கோலெப்ஸி என்பது ‘கூட நித்திரை’ இல்லை. விழிப்புக்கும் கனவு நித்திரைக்கும் நடுவில் இருக்கிற சுவர் இடிந்து போன நிலை. சிலருக்கு நித்திரையாகும்போது கனவு விழிப்புக்குள் கசிந்து, அறைக்குள் யாரோ நிற்பது போலத் தெரியும். சிலருக்கு எழும்பும்போது உடம்பு அசையாது. கேட்டப்ளெக்ஸி இதிலேயே ஆகவும் வினோதமான கசிவு. ஆள் முழிப்பாக இருக்கிறார், ஆனால் கனவுக்கான பூட்டு பட்டப்பகலில் விழுந்துவிடுகிறது.

அது எப்படி நடக்கிறது என்பது விளங்கியது. ஏன் சிரித்தால் நடக்கிறது என்பது இன்னும் விளங்கவில்லை.

இறைச்சித் துண்டைக் கண்டு விழுந்த நாய்கள்

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் நாய்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். சில நாய்கள் சந்தோசம் கூடினால் பொத்தென்று விழுகின்றன என்று அவருக்குத் தெரியவந்திருந்தது. முதலில் கிடைத்த பூடில் வகை நாய்களில் நோய் குட்டிகளுக்குப் போகவில்லை. ஆனால் டொபர்மன், லாப்ரடோர் வகைகளில் அது பரம்பரையாகப் போனது. நோயுள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் நோய் இருந்தது.

இந்த நாய்களுக்கு வைத்த சோதனை மிக எளிமையானது. நிலத்தில் ஒரு டசின் சின்னச் சாப்பாட்டுத் துண்டுகளை வரிசையாக வைப்பார்கள். நல்ல நாய் சில வினாடிகளில் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடும். நோயுள்ள நாய் முதல் துண்டை மணந்தவுடன் பின்னங்கால் மடங்கும், பிறகு முழு உடம்பும் சரியும். கண் திறந்தபடி, சாப்பாட்டைப் பார்த்தபடி கிடக்கும். சற்று நேரத்தில் எழும்பி அடுத்த துண்டுக்குப் போகும், திரும்ப விழும். எத்தனை தடவை விழுந்தது, தின்று முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எண்ணினால் நோயின் கடுமையை அளந்துவிடலாம்.

எங்களுக்கு இந்த இடத்தை வாசிக்கும்போது சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியும் இருந்தது. இறைச்சித் துண்டைக் கண்டு விழுகிற டொபர்மன் குட்டிக்கு அடக்கிவைத்த குற்றவுணர்ச்சி இருக்கிறது என்று யாராலும் சொல்ல ஏலாது. பீப்பாய் வியாபாரிக்கு நல்ல காட்ஸ் வந்ததும், நாய்க்கு இறைச்சி கிடைத்ததும் ஒரே வகை நிகழ்வு. இரண்டிலும் எதிர்பார்த்த ஒரு நல்லது கைக்கு வருகிறது. உணர்ச்சி நோயின் காரணம் இல்லை. அது ஒரு கதவைத் தட்டுகிறது, கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டிய ஏதோ ஒன்றைக் காணவில்லை.

அது என்ன என்று தேடி, பிரான்ஸிலிருந்து வந்த எமானுவேல் மினியோ என்ற ஆராய்ச்சியாளர் பத்து வருடத்துக்கு மேலாக அந்த நாய்களின் மரபணுக்களைத் துருவினார். நாயின் மரபணு வரைபடம் ஒன்றும் ஒழுங்காக இல்லாத காலம் அது.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்

1998இன் தொடக்கத்தில், நித்திரையோடு சம்பந்தமில்லாத இரண்டு ஆய்வுகூடங்கள் சில வாரங்கள் வித்தியாசத்தில் ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. ஹைபொதலமஸில் மட்டும் உருவாகும் ஒரு சோடிச் சிறு புரதத் துண்டுகள் அவை. கலிபோர்னியாவில் லூயிஸ் டி லெசேயாவும் கூட்டாளிகளும் அதற்கு ‘ஹைபோக்ரெட்டின்’ என்று பெயர் வைத்தார்கள். டலஸ் நகரில் தகேஷி சகுராயும் மசாஷி யனகிசாவாவும் அதை எலிகளின் மூளைக்குள் செலுத்தியபோது எலிகள் கூடத் தின்றன. ஆகவே பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஒரெக்சின்’ என்று வைத்தார்கள். இன்றைக்கும் இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன.

அது பசிக்கான பொருள் என்றே டலஸ்காரர்கள் நினைத்தார்கள். ஒரெக்சினை உண்டாக்க முடியாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். பகலில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி என்பதால், இருட்டில் அகச்சிவப்புக் கமெராவால் படம் பிடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த சுண்டெலி திடீரென்று சரிந்து விழுந்தது, கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல எழும்பி ஓடியது. முதலில் வலிப்பு என்றே சந்தேகித்தார்கள். மூளையலையைப் பதிவு செய்தபோது வலிப்பின் அடையாளம் இல்லை. விழிப்பிலிருந்து நேரே கனவு நித்திரைக்குப் போகும் அடையாளங்கள்தான் இருந்தன.

அதே காலத்தில் மினியோவின் தேடலும் முடிவுக்கு வந்தது. டொபர்மனின் ஒரு மரபணுவுக்குள் தேவையில்லாத ஒரு சிறு துண்டு புகுந்து அதைக் குழப்பியிருந்தது. அந்த மரபணு உண்டாக்குவது, ஒரெக்சின் வந்து ஒட்டிக்கொள்ளும் வாங்கியை. திறப்பு நல்லது, பூட்டுத் துவாரம் பழுது. இரண்டு கட்டுரைகளும் 1999 ஓகஸ்டில் ஒரே சஞ்சிகையில் இரண்டு வார இடைவெளியில் வெளிவந்தன. பசியைத் தேடியவர்களும் நித்திரையைத் தேடியவர்களும் ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டார்கள்.

மனிதர்களுக்கு வந்தபோது கதை கொஞ்சம் வேறு. 2000ஆம் ஆண்டில் ஒன்பது நோயாளிகளின் முண்ணாண் திரவத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஏழு பேரில் ஒரெக்சின் கண்டுபிடிக்கக்கூடிய அளவில்கூட இல்லை. ஒப்பிடுவதற்காக எடுத்த ஆரோக்கியமானவர்கள் எல்லோரிலும் இருந்தது. அதே வருடம் இரண்டு குழுக்கள், இறந்த நோயாளிகளின் மூளைகளைப் பார்த்தன. ஒரு சாதாரண மனித மூளையில் ஏறத்தாழ 70,000 ஒரெக்சின் நரம்புக் கலங்கள் இருக்கும். மொத்தம் 8,600 கோடி அளவில் நரம்புக் கலங்கள் உள்ள மூளையில் இது ஒரு சிட்டிகைகூட இல்லை. நோயாளிகளில் ஜெரோம் சீகலின் குழு எண்ணியபோது, அந்தச் சிட்டிகையிலும் 85 முதல் 95 வீதம் வரை காணாமல் போயிருந்தது. அதே இடத்தில், அதே கலங்களோடு கலந்து கிடக்கும் வேறொரு வகை நரம்புக் கலங்கள் சேதமில்லாமல் இருந்தன. ஏதோ ஒன்று ஆளடையாளம் பார்த்து இவற்றை மட்டும் அழித்திருந்தது. எக்கனமோ விரலை வைத்த அந்தப் பின்பக்க ஹைபொதலமஸ்தான் இடம்.

ஏன் சந்தோசம்?

இனி அந்தப் பழைய காட்ஸ் மேசைக்குத் திரும்பலாம். வியாபாரிக்கு நல்ல கை வருகிறது. அவருடைய மூளைக்குள் என்ன நடந்திருக்கும் என்று இன்று தெரிந்ததை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி “இது நல்லது” என்று அறிகிறது. செய்தி, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்குப் போகிறது. அமிக்டலாவிலிருந்து சில நரம்புகள் மூளைத்தண்டுக்கு இறங்கி, கனவுப் பூட்டை விழிப்பு நேரத்தில் பிடித்துவைத்திருக்கும் காவல் கலங்களை அடக்குகின்றன. அதாவது சிரிப்பு, சந்தோசம் என்றாலே பூட்டு கொஞ்சம் இறங்கப் பார்க்கும். இது நோயாளிக்கு மட்டும் நடப்பதில்லை, எங்கள் எல்லோருக்கும் நடக்கிறது. காலின் பின்பக்க நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினால் தசை துடிக்கும். ஆரோக்கியமானவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும்போது அந்தத் துடிப்பு தெளிவாகக் குறைகிறது என்று 1999இல் நெதர்லாந்தில் அளந்து காட்டினார்கள். “சிரிச்சுச் சிரிச்சுக் கை காலெல்லாம் ஓய்ஞ்சு போச்சு” என்று நாங்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை, உடம்பில் உண்மையாக நடப்பது.

பிறகு ஏன் நாங்கள் விழுவதில்லை? ஏனென்றால் அதே சந்தோசம் ஒரெக்சின் கலங்களையும் தட்டி எழுப்புகிறது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் கம்பிகள் வைக்கப்பட்டிருந்த சிலரில் சீகலின் குழு ஒரெக்சினை அளந்தது. அவர்கள் மற்றவர்களோடு கதைத்துப் பழகும்போதும், சந்தோசப்படும்போதும், கோபப்படும்போதும் அதன் அளவு ஆகக் கூடுதலாக இருந்தது. 2013இல் இது வெளிவந்தது. ஒரெக்சின் மூளைத்தண்டுக்கு ஓடி, காவல் கலங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு கை பூட்டை இறக்குகிறது, மறு கை அதே நேரம் ஏந்திப் பிடிக்கிறது. சிரித்து முடிய கால் கொஞ்சம் தளர்ந்தது போல இருக்கும், அவ்வளவுதான்.

வியாபாரிக்கு அந்த மறு கை இல்லை. இறக்குகிற கை மட்டும் இருக்கிறது. பூட்டு முழுதாக விழுகிறது. மூளைத்தண்டிலிருந்து போகும் தடுப்புச் செய்தி, முண்ணாணில் தசைகளை இயக்கும் கலங்களை அடக்குகிறது. முதலில் முகமும் கழுத்தும் தளரும், தாடை தொங்கும், தலை சாயும், பிறகு முழங்கால் மடங்கும். சிலருக்கு அதோடு நிற்கும், சிலர் நிலத்தில் விழுவார்கள். பெரும்பாலும் சில வினாடிகள், கூடிப்போனால் ஓரிரு நிமிடங்கள்.

அவருக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்ததற்கும் விடை நாய்களிடமிருந்தே வந்தது. நாய் விழுகிற நேரத்தில் அதன் மூளைக் கலங்களைப் பதிவு செய்தபோது, தசையின் விறைப்பைத் தாங்கும் நோர்அட்ரினலின் கலங்கள் மௌனமாயின. ஆனால் விழிப்பைத் தாங்கும் ஹிஸ்டமின் கலங்கள் வேலை செய்துகொண்டேயிருந்தன. நித்திரையில் இவை இரண்டும் சேர்ந்தே ஓயும். கேட்டப்ளெக்ஸியில் ஒன்று மட்டும் ஓய்கிறது. அதனால்தான் ஆள் நிலத்தில் கிடந்தபடி, சுற்றி நிற்பவர்கள் “நடிக்கிறான்” என்று சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

யார் அழித்தது?

பிள்ளைகளிலும் இளவயதினரிலும்தான் இந்த நோய் கூடுதலாகத் தொடங்குகிறது. பெரும்பாலான மனித நோயாளிகளில், நாய்களைப் போல ஒரெக்சின் மரபணுவிலோ வாங்கியிலோ பழுது இல்லை. கலங்கள் முதலில் இருந்தன, பிறகு அழிந்தன. 1980களின் முற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு துப்பைக் கண்டிருந்தார்கள். அவர்களுடைய நோயாளிகள் எல்லோரும் எச்.எல்.ஏ. எனப்படும் நிர்ப்பீடன மரபணுக்களில் ஒரே வகையைக் கொண்டிருந்தார்கள். நிர்ப்பீடனத் தொகுதி எதை எதிரி என்று அடையாளம் காண்பது என்பதில் இந்த மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் இந்த வகை ஆரோக்கியமான பலரிலும் இருக்கிறது, ஆகவே அது மட்டும் போதாது. இன்னொரு தூண்டுதல் வேண்டும்.

2009இல் எச்1என்1 காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவியபோது அந்தத் தூண்டுதலின் நிழல் தெரிந்தது. பின்லாந்திலும் சுவீடனிலும் ‘பான்டெம்ரிக்ஸ்’ என்ற ஒரு தடுப்பூசியைப் போட்ட பிள்ளைகளில், பல்லாயிரத்தில் ஒருவர் என்ற அளவில், நார்கோலெப்ஸி கூடியது. மற்றத் தடுப்பூசிகளோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. மறுபக்கத்தில் சீனாவில், தடுப்பூசி போடாத பிள்ளைகள் நடுவிலும் அந்தக் காய்ச்சல் பருவத்துக்குப் பிறகு நோய் கூடியது. ஆகவே ஊசி என்றாலே ஆபத்து என்பது இதன் பாடம் இல்லை. பொருத்தமான மரபணு உள்ள ஒருவரில், வைரஸை எதிர்க்கப் புறப்பட்ட நிர்ப்பீடனக் கலங்கள் ஆள் மாறி ஒரெக்சின் கலங்களைத் தாக்குகின்றன என்பதுதான் இன்று பலமாக நம்பப்படும் விளக்கம். 2018இல் நோயாளிகளின் இரத்தத்தில் ஒரெக்சினையே குறிவைக்கும் டி-கலங்களைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கலங்கள்தான் அழித்தன என்று கையும் களவுமாகப் பிடிப்பது கஷ்டம். நோய் தெரியவரும் நேரத்தில் அழிவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது

வலிப்பிலும் சாதாரண மயக்கத்திலும் இருந்து கேட்டப்ளெக்ஸியைப் பிரித்தறியச் சில கேள்விகள் உதவும். விழ முன்னம் சிரித்தாரா, ஆச்சரியப்பட்டாரா, கோபப்பட்டாரா? விழுந்த நேரத்தில் சுற்றி நடந்ததைப் பிறகு சொல்லக்கூடியதாக இருக்கிறதா? உடம்பு விறைத்து உதறியதா, அல்லது துணி மாதிரித் தளர்ந்ததா? விழுந்து கிடக்கும்போதே ஒரு வைத்தியர் முழங்காலில் தட்டிப் பார்த்தால், வழமையாகத் துள்ளும் கால் துள்ளாது. நடிப்பவரால் காலை அசைக்காமல் வைத்திருக்கலாம், ஆனால் அந்தத் தெறிவினையை நினைத்து நிறுத்துவது மிகக் கஷ்டம். சின்னப் பிள்ளைகளில் இது விழுகையாக வராமல், முகம் தொங்கி, வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டு வரலாம். அதைப் பழிப்புக் காட்டுகிறது என்று நினைத்து ஏசுவார்கள்.

உறுதிப்படுத்த நித்திரை ஆய்வுகூடம் வேண்டும். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாக ஐந்து தடவை படுக்கவிட்டு அளப்பார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் நித்திரையாகி, இரண்டு தடவையாவது உடனேயே கனவு நித்திரைக்குள் போனால் அது பலமான அடையாளம். முண்ணாண் திரவத்தில் ஒரெக்சின் அறவே குறைந்திருந்தால் சந்தேகம் தீரும். கேட்டப்ளெக்ஸி இல்லாத, ஒரெக்சின் பெரும்பாலும் வழமையாக இருக்கும் இன்னொரு வகை நார்கோலெப்ஸியும் இருக்கிறது. அதன் காரணம் இன்னும் விளங்கவில்லை.

அழிந்த கலங்களைத் திருப்பிக் கொண்டுவர இன்றைக்கு வழி இல்லை. பகல் நித்திரைக்கு விழிப்பூட்டும் மருந்துகள் உண்டு. கேட்டப்ளெக்ஸிக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் குறைந்த அளவிலேயே உதவுகின்றன. அது மனச்சோர்வு என்பதால் அல்ல, அந்த மருந்துகள் நோர்அட்ரினலினைக் கூட்டிக் கனவுப் பூட்டைப் பிடித்துவைப்பதால். இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்துப் பெயரைப் பார்த்துவிட்டு “பாத்தியா, மனநோய்தான்” என்று சொல்வது பழைய பிழையின் மறுபதிப்பு. அந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் விழுகைகள் அடுக்கடுக்காகத் திரும்பி வரலாம் என்பதையும் வீட்டுக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரெக்சினைப் போலவே அதன் வாங்கியில் ஒட்டிக்கொள்ளும் மாத்திரைகளையும் இப்போது மனிதர்களில் சோதித்து வருகிறார்கள்.

நோயோடு வாழும் பலர் மருந்தை விட வேறொன்றைத்தான் முதலில் பழகிக்கொள்கிறார்கள். சிரிப்பை அடக்குவது. பகிடி சொல்லும் நண்பர் கூட்டத்திலிருந்து ஒதுங்கி இருப்பது. நல்ல செய்தி வந்தால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவர் உணர்ச்சி இல்லாதவர், ஆட்களோடு சேரமாட்டார் என்று தெரியும். பிறகு அதையும் ஒரு மனக் கோளாறாக எழுதி வைப்பார்கள்.

ஜெலினோவின் காலத்தில் ஒரெக்சின் இல்லை, மூளையலைக் கருவி இல்லை. அவருடைய சிகிச்சையும் பெரிதாக வேலை செய்யவில்லை. ஆனால் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார். வலிப்புக்கான மாத்திரையைத் தன் பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்த அந்த வைத்தியர், தன்னிடம் வந்த மனிதருக்கு வலிப்பு என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. எப்போது விழுகிறீர், விழ முன்னம் என்ன நடந்தது, விழுந்து கிடக்கும்போது கேட்கிறதா என்று விசாரித்து, அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்தார். சிரித்தேன், விழுந்தேன், எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. 120 வருடங்களுக்குப் பிறகு நாய்களும் சுண்டெலிகளும் 70,000 கலங்களும் சேர்ந்து சொன்னதும் அதுதான். பீப்பாய் வியாபாரி உண்மையைத்தான் சொன்னார்.